"வித்வான் வரலைங்க": ஆள் மாறாட்ட நாடகம் எழுதுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து ஊர்களில் கோடையில் நாடகம் போடும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பிரதி திருத்துவது என் பல வருஷப் பழக்கம். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்துவிடும். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வரும்வரை ஆற்றுப் பாசனத்தை நம்பிய வயல்களில் பெரிய வேலை இருக்காது. திருவிழாவும் நாடகமும் அந்த இடைவெளியில்தான் நடக்கும். பாதிப் பேர் எழுதிக்கொண்டு வருவது ஆள் மாறாட்டக் கதை. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். சொல்வது விளங்க வேண்டும் என்பதற்காக, நாங்கள் எழுதிப் பார்த்த ஒரே கதையைத்தான் எல்லாப் பதிலிலும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆள் மாறாட்டம்னா ரெண்டு பேர் ஒரே மாதிரி இருந்தாப் போதாதா? குணம், குறைன்னு ஏன் இழுக்கணும்?

தொடங்குவதற்கு அது போதும். இரட்டையர், ஒரே பெயர், ஒரே மாதிரிப் பை என்று எதை வைத்தும் முதல் ஐந்து நிமிடக் குழப்பத்தை உண்டாக்கலாம். அந்த ஒரு தற்செயலைப் பார்வையாளர்கள் பெரிய மனதோடு விட்டுக்கொடுப்பார்கள். இரண்டாவது தற்செயலை விடமாட்டார்கள். கதவைத் திறக்கும்போது சரியாக மின்சாரம் போவது, உண்மையைச் சொல்ல வாயெடுக்கும்போது வேட்டு வெடிப்பது எல்லாம் ஒரு முறை சிரிப்பு வரவழைக்கும். மறுமுறை வந்தால் எழுதியவரின் கை தெரிந்துவிடும்.

ஐந்தாவது நிமிடத்திலிருந்து தொண்ணூறாவது நிமிடம்வரை குழப்பத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியவர்கள் பாத்திரங்கள்தான். தற்செயல் ஒரு முறைதான் நடக்கும். குணக்குறையோ ஒவ்வொரு காட்சியிலும் ஆளோடு கூடவே வரும். அதனால்தான் அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

"ஒரு வார்த்தை கேட்டா தீர்ந்துடுமே"ன்னு முன்வரிசையில இருந்தே கத்துறாங்க. என்ன பண்றது?

அவர்கள் கத்துவது நியாயம். எந்த ஆள் மாறாட்டக் கதையையும் முடித்துவிடக்கூடிய ஒரு வாக்கியம் உண்டு. எழுத உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்த வாக்கியத்தைத் தாளின் தலையில் எழுதுங்கள். அதன் கீழே, அந்த வாக்கியத்தைச் சொல்லக்கூடியவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் ஏன் சொல்லவில்லை என்பதை எழுதுங்கள். "சந்தர்ப்பம் கிடைக்கவில்லை" என்று எங்காவது எழுதியிருந்தால் நாடகம் அந்த இடத்தில் ஓட்டை.

எங்கள் கதையைச் சொல்கிறேன். வெட்டாற்றங்கரையில் ஓர் ஊர், வைகாசித் திருவிழா. மூன்றாம் நாள் இரவு சுவாமி புறப்பாட்டுக்கு ஒரு நாதஸ்வர வித்வானை ஏற்பாடு செய்து ஐயாயிரம் ரூபாய் முன்பணமும் கொடுத்திருக்கிறார்கள். வித்வான் அதே நாளுக்கு ஒரு கல்யாணக் கச்சேரியையும் ஒப்புக்கொண்டுவிட்டார். அதனால், முன்பு தன் குழுவில் ஒத்து ஊதிய கோவிந்தனைக் கூப்பிட்டு, "முன்பணத்தைக் கொடுத்துட்டு, நான் வரலைன்னு பதமா சொல்லிட்டு வா" என்று இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுகிறார். கோவிந்தன் பஸ்ஸை விட்டு இறங்குகிறார். தோளில் தன் பழைய ஒத்து, துணி உறைக்குள். தர்மகர்த்தா வைத்தி மாலையோடு ஓடிவந்து, "வாங்க அண்ணே! ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டீங்களே, ஊர் மேல அவ்வளவு பிரியமா!" என்கிறார். கோவிந்தன் சொல்வது, "ஆமாங்க."

கதையை முடிக்கும் வாக்கியம் "வித்வான் வரலைங்க." அதைச் சொல்வதற்கென்றே அனுப்பப்பட்ட ஆள் அவர். ஆனால் அவருடைய குறை, எதிரே இருப்பவர் ஆசையாகச் சொல்வதை மறுக்கத் தெரியாதது. நாற்பது வருஷம் அடுத்தவர் வாசிப்புக்கு ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர். நம் பக்கத்தில் தலையாட்டுகிறவனை "ஒத்து ஊதுகிறான்" என்போமே, அந்தப் பேச்சே இந்தத் தொழிலிலிருந்து வந்ததுதான். அதனால் அவர் "ஆமாங்க" என்றதும், முன்வரிசையில் இருப்பவர்களுக்கு அவரை யாரென்று தெரிந்துவிடுகிறது. கத்துவதற்குப் பதிலாக "ஐயோ, சொல்லித் தொலையேன்" என்று மனதுக்குள் தவிப்பார்கள். அந்தத் தவிப்புதான் இந்த வகை நாடகத்தின் சிரிப்பு.

எந்தக் குறையை வேணாலும் எடுத்துக்கலாமா?

முடியாது. முட்டாள்தனமும் குடியும் மறதியும் இதற்கு உதவாது. முட்டாள் எதை வேண்டுமானாலும் நம்புவான். அவன் அடுத்து என்ன செய்வான் என்று பார்வையாளர் எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் சிரிப்பு நிற்காது. குழப்பத்தைத் தாங்கும் குறை, அந்த ஆளுக்கு அதுவரை பலன் கொடுத்துவந்த குறையாக இருக்க வேண்டும். கோவிந்தனுக்குச் சோறு போட்டதே அந்த "ஆமாங்க"தான்.

வைத்தியைப் பாருங்கள். "எனக்குத் தெரியாது" என்று அவர் வாயிலிருந்து வராது. முப்பது வருஷத்துக்கு முன் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் தூரத்தில் நின்று அந்த வித்வானைக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஊரில் சொல்லி வைத்திருப்பது, "நம்ம வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன்" என்று. எல்லாம் தெரிந்தவர் என்ற பெயர்தான் அவரைத் தர்மகர்த்தா ஆக்கியது. வந்தவரைப் பார்த்து "நீங்கதானே அவர்?" என்று கேட்டால் அந்தப் பெயரே போய்விடும். நோட்டீஸில் அச்சடித்த படத்துக்கும் ஆளுக்கும் பொருத்தமில்லையே என்று யாரோ கேட்கும்போது, "அது வயசுல எடுத்த படம்டா" என்று அவரே பதில் சொல்லிவிடுகிறார். அது உண்மையும்கூட. இளமைப் படத்தைத்தான் எல்லா ஊர் நோட்டீஸுக்கும் கொடுப்பது வித்வானின் ஆசை.

மூன்றாவது ஆள் வைத்தியின் பேத்தி மாலதி. நாதஸ்வரம் கற்றுக்கொள்கிற பெண், நல்ல கெட்டிக்காரி. அடுத்தவர் பேசி முடிக்கும்வரை பொறுக்கமாட்டாள், அது ஒன்றுதான் குறை.

"அம்மா, நான் வந்தது எதுக்குன்னா..."
"தெரியும் ஐயா, புறப்பாட்டுக்கு. தாத்தா சொன்னாங்க."
"அது இல்லம்மா, வித்வான் என்னை..."
"வித்வான்னு கூப்பிட வேணாங்கிறீங்களா? எவ்வளவு அடக்கம்! சரி, ஐயான்னே கூப்பிடறேன்."

இங்கே கோவிந்தன் சொல்ல முயல்கிறார், கவனியுங்கள். ஒருவர் குறை இன்னொருவர் குறையில் போய் மாட்டிக்கொள்கிறது. பேசத் தயங்குகிறவரையும் பேசவிடாதவளையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் வசனம் தானாக வரும்.

இப்போ எல்லார் கையிலயும் போன் இருக்கு. ஒரு கால் போட்டா முடிஞ்சுதே?

கதையை 1970க்குக் கொண்டுபோகலாமா என்று உடனே கேட்பார்கள். வேண்டாம். போனை ஒளித்துவைப்பதும் "சிக்னல் இல்லை" என்பதும் முதல் பதிலில் சொன்ன இரண்டாவது தற்செயல்தான். மேடையில் போனைக் காட்டுங்கள், அது எல்லார் கையிலும் இருக்கட்டும். யார் எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் குறையே தீர்மானிக்கட்டும்.

எங்கள் கதையில் வித்வான் போனை அணைத்துவைத்திருக்கிறார். இரண்டு இடத்தில் ஒப்புக்கொண்டவர், திட்டு வாங்கப் பயந்துதான் ஆளையே அனுப்பினார். அந்த ஆள் என்ன கோழையோ, போனும் அதே கோழைதான். வைத்தி போன் செய்யமாட்டார். வித்வான் பக்கத்து அறையில் இருக்கிறார் என்று ஊருக்குச் சொன்னவர், எந்த முகத்தோடு வித்வானின் எண்ணுக்கு அடிப்பார்? கோவிந்தன் மட்டும் ராத்திரி மாடியில் நின்று வித்வானுக்கு நான்கு முறை அடிக்கிறார். அணைத்துவைத்திருப்பதாகவே வருகிறது. இது மிக நல்ல காட்சி, கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் தப்பிக்கப் பார்த்தார் என்பதற்கு அதுதான் சாட்சி.

பார்வையாளர்களுக்கு உண்மையை எப்போ சொல்லலாம்? கடைசியில சொன்னா நல்ல திருப்பமா இருக்குமே?

முதல் காட்சியிலேயே சொல்லிவிடுங்கள். வித்வான் கோவிந்தனிடம் முன்பணத்தைக் கொடுக்கும் காட்சியோடு நாடகம் தொடங்க வேண்டும். கடைசியில் சொன்னால் பார்வையாளர் ஒரு முறை ஆச்சரியப்படுவார், அதற்கு முந்தைய எண்பது நிமிடமும் ஒரு சாதாரண வித்வானின் ஊர்வருகையைத்தான் பார்த்திருப்பார். முன்பே தெரிந்தால், "அண்ணே, உங்க மல்லாரியைக் கேட்டுத்தான் நான் உயிரோட இருக்கேன்" என்று வைத்தி சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு அர்த்தம் கிடைக்கும்.

வித்வான்னு நம்பினா ஊதச் சொல்வாங்களே? ஊதினா அடுத்த நொடியே தெரிஞ்சுடாதா?

இதுதான் எங்களை அதிக நாள் உட்கார வைத்த கேள்வி. ஒத்து பார்க்க நாதஸ்வரம் மாதிரியே இருக்கும், உறைக்குள் இருந்தால் வித்தியாசம் தெரியாது. உறையை எடுத்தால் விரல் துளை கிடையாது. கீழ்ப்பக்கம் சில துளைகள் மட்டும் இருக்கும், அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் ஸ்ருதி சேர்ப்பார்கள். அதிலிருந்து வருவது ஒரே ஸ்வரம். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சிழுத்து அந்த ஸ்வரம் அறாமல் பிடிக்க வேண்டும். லேசான வேலை இல்லை. சுருதிப்பெட்டி வந்தபிறகு பெரும்பாலான குழுக்களில் ஒத்துக்கு ஆள் வைப்பதில்லை. கோவிந்தனின் பிழைப்பு போனதும் அப்படித்தான்.

முதல் பிரதியில் நாங்கள் செய்த தவறு இது. வைத்தி துளையில்லாத வாத்தியத்தைப் பார்த்துவிட்டு, "இது பழைய காலத்து வாத்தியம்" என்று சமாளிப்பதாக எழுதினோம். ஒத்திகையில் யாரும் சிரிக்கவில்லை. காரணம் பின்னால்தான் புரிந்தது. காவிரிக்கரையில் நாதஸ்வரத்துக்கு ஏழு விரல் துளை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடே கிடைத்தது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு தர்மகர்த்தா இதை நம்பினால் அவர் பெருமைக்காரர் அல்ல, முட்டாள். தெரியாத விஷயத்தில்தான் பெருமை ஒருவரை ஏமாற்றும். கண்ணெதிரே இருப்பதில் ஏமாற்றாது. இந்த எல்லையைத் தாண்டினால் அதுவரை கட்டிய பாத்திரம் உடைந்துவிடும்.

அப்புறம் இப்படி மாற்றினோம். வாசிக்க வேண்டியது மூன்றாம் நாள் புறப்பாட்டில் மட்டும்தான், எனவே ஊதும் காட்சி முடிவுக்குப் போய்விட்டது. நடுவில், இரண்டாம் நாள் விடியற்காலையில், தூக்கம் வராத கோவிந்தன் கதவைச் சாத்திக்கொண்டு பழக்கத்தில் ஒத்தை எடுத்து ஊதுகிறார். வெளியே திண்ணையில் நிற்பவர்களுக்குச் சத்தம் மட்டும் கேட்கிறது. ஒரே ஸ்வரம், அறவே அசையாமல், நீண்டுகொண்டே போகிறது. வைத்தி கண்ணை மூடிக்கொண்டு, "சாதகம் பண்றார்டா. ஸ்ருதி சுத்தம்னா இதுதான். வெறும் ஆதார ஷட்ஜத்தைப் பிடிச்சே ஒருத்தர் ஊரை உட்கார வைக்கிறார் பாரு" என்கிறார். இதை நம்பலாம். அதிகாலையில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துச் சாதகம் செய்வது வித்வான்களிடம் உண்டு. அதைவிட முக்கியம், வைத்தி சொன்னது பொய்யில்லை. கோவிந்தனின் ஸ்ருதி அப்படிப்பட்டதுதான். தவறான ஆளைச் சரியான காரணத்துக்காகப் புகழ்கிறார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் அமைதியாகிவிடுவதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன்.

ஒருத்தருக்கு உண்மை தெரிஞ்சுட்டா கதை முடிஞ்சிடுமே? அதனால யாருக்குமே தெரியக்கூடாதா?

ஒருவருக்காவது தெரிய வேண்டும். அதே விடியற்காலையில் தெருவில் போகும் தவில்காரர் செல்லப்பா நின்று கேட்கிறார். இரண்டு நிமிடம் கேட்டதும் அவருக்கு விளங்கிவிடுகிறது, இது ஒத்து, ஊதுவது ஒத்துக்காரர். தொழில் தெரிந்த காதை ஏமாற்ற முடியாது, ஏமாற்றவும் கூடாது. ஆனால் செல்லப்பா வாய் திறக்கவில்லை. போன வருஷத் திருவிழாவில் வைத்தி அவரைப் பந்தியில் கடைசிவரை காக்கவைத்து, பேசிய தொகையிலும் குறைத்துக் கொடுத்திருக்கிறார். புறப்பாடு அன்று ஊர் நடுவில் வைத்தியின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் அவருக்கு. வன்மம், ஆனால் யாருக்கும் புரிகிற வன்மம்.

உண்மை தெரிந்த ஒருவர் மேடையில் இருந்தால் குழப்பத்துக்குப் புது உயிர் வரும். இனி கேள்வி "எப்போது தெரியும்" என்பது மட்டும் இல்லை, "இவர் எப்போது சொல்வார்" என்பதும் சேர்ந்துகொள்கிறது. செல்லப்பா கோவிந்தனிடம் தனியாக வந்து, "ஏண்ணே, மெழுகு இருக்கா, நான் வாங்கிட்டு வரட்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். கோவிந்தன் முகத்தில் ரத்தமே இருக்காது. மெழுகு எதற்கென்று மேலே சொல்லிவிட்டேன். நாடகத்திலும் அதை முதல் காட்சியிலேயே பார்வையாளருக்குக் காட்டிவிடுங்கள், இல்லையென்றால் இந்த வரி வீண்.

முதல் அரை மணி நேரம் நல்லாப் போகுது, நடுவுல தொய்ஞ்சு போகுது. ஏன்?

ஒரே குழப்பத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறீர்கள், அதன் விலை ஏறவில்லை. ஒவ்வொரு காட்சி முடிவிலும் உண்மையைச் சொல்வது முன்பைவிடக் கஷ்டமாக ஆகியிருக்க வேண்டும். கோவிந்தன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சொல்லியிருந்தால் கொஞ்சம் சங்கடம், அவ்வளவுதான். மாலை போட்டபிறகு சொன்னால் வைத்திக்கு அவமானம். தலைவாழை இலையில் விருந்து சாப்பிட்டபிறகு சொன்னால் சாப்பிட்ட சோற்றுக்குத் துரோகம். இரண்டாம் நாள் மாலை வைத்தி, "கணக்கைப் பாக்கி வைக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது" என்று மீதிப் பத்தாயிரத்தையும் கையில் திணித்துவிடுகிறார். இப்போது கோவிந்தன் மடியில் அவருடையதல்லாத பதினைந்தாயிரம் ரூபாய். இனி சொன்னால் திருடன் என்ற பெயர்.

பணம் மேடையில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவர் அதைத் துண்டில் முடிந்து இடுப்பில் வைத்துக்கொண்டு, பேசும்போதெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். நடிகருக்கும் கை வைக்க ஓர் இடம் கிடைக்கிறது.

அப்படின்னா கோவிந்தன் ஏமாத்துக்காரன் ஆயிட்டாரே? ஜனங்க வெறுத்துட மாட்டாங்களா?

அவர் எதை எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தது. பணத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை, வெற்றிலைக்குக்கூடத் தன் சட்டைப் பையிலிருந்துதான் எடுக்கிறார். போன் பதிலில் சொன்ன அந்த நான்கு அழைப்பும் அவர் பக்கம் பேசும். பொய்யாக அவர் ஒரு வாக்கியம்கூடச் சொல்லக்கூடாது என்பது நாங்கள் வைத்துக்கொண்ட விதி. "நான்தான் வித்வான்" என்று அவர் நாடகம் முழுக்க ஒரு முறையும் சொல்வதில்லை. "ஆமாங்க", "அப்படிங்களா", "நீங்க சொன்னா சரிங்க" மட்டும்தான்.

ஆனால் அவரை முழுக்கச் சுத்தமாக்கிவிடாதீர்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் பட்டு வேஷ்டியோடு கோயில் பிராகாரத்தில் நடக்கும்போது அவருக்குப் பிடித்திருக்கிறது. நாற்பது வருஷமாகப் பின்வரிசையில் நின்ற மனிதர், முதல் முறையாக எல்லாரும் வழிவிட நடக்கிறார். அந்த நடையில் ஒரு நிமிடம் சந்தோஷம் தெரிய வேண்டும். பார்வையாளர் அதற்காக அவரை வெறுக்கமாட்டார்கள், அங்கேதான் இன்னும் நெருங்கி வருவார்கள்.

மேளக்காரங்களைக் கிண்டல் பண்றதா யாராவது சண்டைக்கு வந்துட்டா?

வரலாம், அவர்கள் வந்தால் காது கொடுத்துக் கேளுங்கள். ஒவ்வொரு சிரிப்பும் யார் மேல் விழுகிறது என்று பிரதியில் வரிவரியாகக் குறித்துப் பாருங்கள். வைத்தியின் வீண்பெருமை மேல் விழலாம், மாலதியின் அவசரத்தின் மேல் விழலாம், கோவிந்தனின் "ஆமாங்க" மேல் விழலாம். ஒத்து ஊதும் வேலையின் மேலோ தவிலின் மேலோ ஒரு சிரிப்பும் விழக்கூடாது. இந்தக் கதையில் பிழையே செய்யாதது அந்த வாத்தியங்கள் மட்டும்தான். உடல், நிறம், சாதி, பேச்சுத் திக்கல் இவற்றைக் குறை என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. அவை குணம் இல்லை, அவற்றால் குழப்பம் நீளவும் செய்யாது.

உள்ளூர் ஆளைப் பார்த்து எழுதுவதிலும் ஆபத்து உண்டு. ஒரு முறை நான் ஒரு பெரிய மனிதரின் பேச்சு வழக்கை அப்படியே பாத்திரத்துக்குக் கொடுத்தேன். நாடகம் பாதியில் நின்றது, அவர் வீட்டுப் பெண்கள் எழுந்து போனதைப் பார்த்தது இன்றும் எனக்கு வருத்தம். குறையை ஓர் ஆளிடமிருந்தும், பேச்சை இன்னொருவரிடமிருந்தும், தோற்றத்தை மூன்றாமவரிடமிருந்தும் எடுங்கள்.

எவ்வளவு நேரம் இழுக்கலாம்?

திறந்தவெளி மேடைக்குத் தொண்ணூறு நிமிடம். விலை ஏறுவது நின்ற இடத்துக்கு அடுத்த காட்சியில் உடைத்துவிடுங்கள்.

முடிவுதான் வரமாட்டேங்குது. நிஜ வித்வான் வந்து நின்னா உண்மை வெளிய வந்துடுமே, அது போதாதா?

அப்படி முடித்தால் தற்செயலில் தொடங்கித் தற்செயலிலேயே முடித்ததாகிவிடும். குழப்பத்தை இத்தனை நேரம் காப்பாற்றிய குறைதான் அதை உடைக்கவும் வேண்டும். கோவிந்தனால் மறுக்க முடியாது என்று எண்பது நிமிடம் காட்டியிருக்கிறோம். அவர் மறுத்தே ஆக வேண்டிய ஒரு கேள்வியை அவர் முன்னால் வையுங்கள்.

மூன்றாம் நாள் இரவு, அலங்காரம் முடிந்து சுவாமி புறப்படத் தயார். செல்லப்பாவின் உதட்டுச் சிரிப்பு வைத்திக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. எல்லார் முன்னாலும் திரும்பி, "இவன் வாசிப்புல தாளம் நிக்கலை. இவனை அனுப்பிட்டு வேற ஆள் பார்த்துக்கலாம். அண்ணே, நேத்து பூஜையில நீங்களும் கேட்டீங்களே, தப்புச்சா இல்லையா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்கிறார். செல்லப்பாவுக்கு முகம் செத்துவிடுகிறது. அவருக்குத் தெரியும், இந்த மனிதர் என்ன சொல்வார் என்று. பார்வையாளருக்கும் தெரியும். கோவிந்தன் வாயைத் திறக்கிறார், மூடுகிறார். இங்கே நடிகர் அவசரப்படவே கூடாது, எவ்வளவு மௌனம் வேண்டுமானாலும் தாங்கும்.

"இல்லைங்க" என்கிறார். "தாளம் சுத்தமா இருந்துச்சு. நான் நாற்பது வருஷம் தவிலுக்குப் பக்கத்துல நின்னவன், எனக்குத் தெரியும். நான் வித்வான் இல்லைங்க. வித்வான் வரலைங்க." முதல் காட்சியில் சொல்ல வேண்டிய வாக்கியம் இப்போதுதான் வருகிறது. தனக்காக மறுக்கத் தெரியாதவர் இன்னொருவர் பிழைப்புக்காக மறுக்கிறார். துண்டை அவிழ்த்துப் பதினைந்தாயிரத்தையும் படியில் வைத்துவிட்டு, உறையை உருவி ஒத்தைக் காட்டுகிறார்.

புறப்பாட்டுக்கு மல்லாரி வேண்டுமே என்று ஊர் நிற்கும்போது மாலதி தன் நாதஸ்வரத்தை எடுத்து வருகிறாள். மல்லாரியை கம்பீர நாட்டையில் வாசிப்பது வழக்கம், அவளுக்கு ஒன்றே ஒன்று பாடமாகியிருக்கிறது. "நான் சரியா..." என்று தொடங்கி, முதல் முறையாகப் பேச்சை நிறுத்திவிட்டு கோவிந்தன் முகத்தைப் பார்க்கிறாள், அவர் சொல்லட்டும் என்று. அவர் சீவாளியை நனைத்து, ஸ்ருதியைப் பிடிக்கிறார். அவமானத்தை விரும்பிக் காத்திருந்த செல்லப்பா, வைத்தியை ஒரு முறை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தவிலை இழுத்துக் கட்டுகிறார்.

வைத்தியைத் திருத்திவிடலாமா என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். வேண்டாம். எல்லாரும் திருந்திவிட்டால் அதுவரை பார்த்த குறைகள் எழுதியவரின் வசதிக்காக இருந்தவை என்று ஆகிவிடும். சுவாமி நகர்கிறது, ஒத்து நிற்கிறது, மல்லாரி தொடங்குகிறது. பக்கத்தில் நிற்பவர் வைத்தியிடம், "என்ன மாமா, இப்படி ஆயிடுச்சே" என்கிறார். வைத்தி கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே சொல்கிறார்: "எனக்கு அப்பவே தெரியும்டா."